ஜெசிந்தாவின் இரண்டாவது பாஸ்புக்

ஜெசிந்தாவுக்கு தி.நகர் துணிக்கடையில் வேலை. ராத்திரியும் ஞாயிறும் பட்டினப்பாக்கம் வீட்டில் கல்யாண ஜாக்கெட்டுகள் தைத்து, ஆரி எம்பிராய்டரியும் செய்து கொடுப்பாள். முதலில் அந்தப் பணமும் சம்பளக் கணக்கிலேயே விழுந்தது. ஒரு தடவை, மணப்பெண் கொடுத்த அட்வான்ஸ் வாடகையோடும் கேஸோடும் கலந்து கரைந்துபோனது. மணியும் ஜரிகையும் வாங்கக் கம்மலை அடகு வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமே ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் பேங்குக்குப் போய், மினிமம் பேலன்ஸ் கேட்காத ஒரு கணக்கைத் தொடங்கினாள். தையல் பணம் வாங்கும் கியூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே. நோட்டு ஒன்று வாங்கி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று தேதி போட்டு எழுதினாள். வேலை முடியாத அட்வான்ஸைச் சிவப்பு மையில் வட்டமிடுவாள். ஜாக்கெட்டைக் கொடுத்த பிறகுதான் கூலியைச் சம்பளக் கணக்குக்கு மாற்றுவாள்.

ஆடி மாதம் புருஷன் லாசரின் படகு இன்ஜின் படுத்துவிட்டது. பத்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. அவளுடைய போனில் பேங்க் மெசேஜைப் பார்த்துவிட்டான்.

"பதினொன்னாயிரத்து நானூறு கீது! மெக்கானிக் எட்டாயிரம் கேக்குறான். குடேன்."

"அதுல ஒம்பதாயிரம் நம்மது இல்ல. மதுமதின்னு ஒரு கல்யாணப் பொண்ணோட அட்வான்ஸ். அஞ்சு ஜாக்கெட், இன்னும் துணியே வெட்டல." நோட்டைத் திறந்து காட்டினாள். "மிச்சம் ரெண்டாயிரத்து நானூறு நேத்து குடுத்த ஜாக்கெட்டோட கூலி. அத எடுத்துக்க."

"கட்டின புருஷனவிட நோட்டு பெருசா பூட்ச்சா?"

அவள் அனுப்பிய கூலியை வைத்துக்கொண்டு வெளியே போனவன் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. ஜெசிந்தா யோசித்துக்கொண்டே இருந்தாள். கொடுத்திருக்கலாமோ? பள்ளியில் பிள்ளைக்குப் பணம் வேறு கட்ட வேண்டியிருந்தது. மதுமதியின் ஒன்பதாயிரத்தைப் போனில் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை மதுமதி அழைத்தாள். குரலே அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, கல்யாணம் நின்னுடுச்சு. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரில இருக்கோம். அட்வான்ஸைத் திருப்பித் தர முடியுமா? இன்னிக்கே..."

"இரு கண்ணு, இப்பவே அனுப்புறேன்."

ஒன்பதாயிரம் போனது. வாசற்படியில் நின்றிருந்த லாசர் எல்லாவற்றையும் கேட்டான்.

"அன்னிக்கு நான் இத வாங்கினு போயிருந்தா, இப்ப இன்னா பண்ணியிருப்ப?" என்றான் மெதுவாக.

"இன்னொரு கம்மல் கீதா எங்கிட்ட?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனான். கையிலிருந்ததை முன்பணமாகக் கொடுத்து, மீதியை மீன் பிடித்து வந்து தருவதாகப் பேசி முடித்தான். இன்ஜின் ஓட இன்னும் ஆறு நாள் ஆனது.

ஜெசிந்தா செலவுப் பக்கத்தில் 'மதுமதிக்குத் திருப்பியது' என்று எழுதினாள். மிச்சம் சைபர். கையில் ஒரு ஆர்டரும் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்காவது யாராவது கூப்பிட வேண்டுமே என்ற பயத்தோடு கடைக்குப் புறப்பட்டாள்.