போடாத எண்

அவர் குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் உளவியலாளர். மருத்துவமனை மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய அறைக்கு, பிறவியிலேயே பார்வையில்லாத மகளை ஒரு தாய் அழைத்து வந்தாள்.

முன்பு சோதித்தவர் படம் பார்த்துச் சொல்லும், கட்டை அடுக்கும் கேள்விகளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டு, அதையும் மொத்தத்தில் கூட்டி, அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று எழுதிவிட்டார். பள்ளி அதைக் காட்டிக் கதவடைத்தது. கண்ணில்லாத பிள்ளையிடம் படத்தை நீட்டியவரை யாரும் சோதிக்கவில்லை.

உளவியலாளர் வாய்மொழிக் கேள்விகளை மட்டும் கேட்டார். பழக்கதோஷத்தில் ஒன்றை அச்சிலிருந்தபடியே வாசித்துவிட்டார்.

"பக்கத்து வீட்டுல புகை வர்றதைப் பார்த்தா என்ன செய்வே?"

"நான் எங்க ஆன்ட்டி பார்க்கிறது? நாத்தம் வந்தா அம்மாவைக் கத்திக் கூப்பிடுவேன்."

மூவரும் சிரித்தார்கள்.

வாய்மொழித் திறன் வயதுக்கேற்றதாகத் தெரிகிறது என்று அவர் எழுதினார். ஆனால் ஒப்பிடும் அளவுகோல் பார்வையுள்ள பிள்ளைகளை வைத்து உருவானது. ஆகவே அறிவுத்திறனுக்கு மொத்த எண் தர இயலாது, பழைய எண்ணையும் நம்பக் கூடாது, பள்ளியில் சேர்த்துக் கற்பித்த பிறகே மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் சேர்த்தார்.

"ஒரு நம்பர் போட்டுடுங்களேன் மேடம். ஸ்கூல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றாள் தாய்.

"இல்லாத நம்பரைப் போட்டா, முன்னாடி சோதிச்சவர் செஞ்சதையே நானும் செஞ்சதா ஆயிடும்மா."

தாய் பயந்தபடியே நடந்தது. "இதுல நம்பரே இல்லையே, பழசுல இருக்கே" என்றார் தலைமையாசிரியர். உளவியலாளர் நேரில் போய் வாதாடியும் அவர் அசையவில்லை.

மறுபடி அந்த அறைக்கு வந்த தாயின் கையைப் பிடித்தபடி சிறுமி கேட்டாள்: "ஆன்ட்டி, நான் எதைத் தப்பா சொன்னேன்?"

"நீ எதையும் தப்பா சொல்லலைடா" என்றார்.