படத்தில் இருபது கோடு

கடைசல் மெஷின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவருக்கு முழங்கால் நோட்டீஸ் கொடுத்துவிட்டது. இனி நிற்கிற வேலை கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் காலி: பரிசோதனை அறையில் அளவு பார்ப்பது. அதற்கு எழுத்துத் தேர்வு. ஆறு பேருக்கு ஒரே நாற்காலி.

"எழுத்துன்னாலே உங்களுக்கு வேர்க்குமே" என்றாள் மனைவி.

"அளவு கேட்டா வேர்க்காது, போ."

கடைசிக் கேள்வியில், தாடைக்கு நடுவே பொருளை வைத்து அளக்கும் வெர்னியர் காலிப்பரின் போட்டோ இரண்டு இருந்தன. முதல் படத்தில் தாடை மூடியிருந்தது. நகரும் வெர்னியர் பட்டையின் பூஜ்யம் மெயின் அளவுகோலின் பூஜ்யத்துக்குச் சற்று வலப்பக்கம் தள்ளி நிற்க, இரண்டாவது கோடு மேலே ஒரு கோட்டோடு பொருந்தியிருந்தது. இரண்டாவது படத்தில் தாடைக்குள் ஒரு தண்டு. பூஜ்யம் 23 மில்லிமீட்டரைத் தாண்டி, ஏழாவது கோடு பொருந்தியிருந்தது.

கை பழகின கணக்கு. ஒரு கோட்டுக்கு 0.02. 23.14-இல், மூடியபோதே கூடுதலாகக் காட்டிய பூஜ்யப் பிழை 0.04 போக 23.10 என்று பென்சிலால் எழுதி முடித்தார். எழுந்திருக்கப் போனவருக்குப் படம் கண்ணை உறுத்தியது. கோடுகள் பல் விழுந்த சீப்பு மாதிரி அகலமாக நின்றன. ஒர்க்‌ஷாப் வெர்னியரில் கோடு ஐம்பது, பொடிப்பொடியாக இருக்கும். பென்சில் முனையை வைத்து எண்ணினார். பூஜ்யத்தை விட்டால் இருபது. மறுபடி எண்ணினார், இருபதுதான். ஒரு மில்லிமீட்டரை இருபதாகப் பிரித்தால் 0.05. அப்படியானால் 23.35, பிழை 0.10 கூடுதலாகக் காட்டுகிறது, கழித்தால் 23.25. எழுதியதை அழித்துவிட்டு மாற்றினார்.

வெளியே வந்ததும், கூடத் தேர்வு எழுதிய துளை போடும் டிரில்லர் கேட்டான்: "என்னண்ணே, 23.10 தானே? நாங்க அஞ்சு பேரும் அதான்."

"நான் 23.25 போட்டேன்."

"சரிதான். வயசாச்சுல்ல, கண்ணும் கடைசல் மெஷினாட்டம் சுத்துது."

சிரித்தார்கள். அவர் மனசுக்குள் கோடுகளை மறுபடி எண்ணினார். ஐந்து பேர் தப்பாகவா எழுதுவார்கள்? அவசரப்பட்டு அழித்தோமோ?

அப்போது பரிசோதனை அதிகாரி கையில் ஒரு வெர்னியரோடு வந்தார். "படம் எடுத்தது இதைத்தான். பழசு, மூடினாலும் பூஜ்யத்துல நிக்காது. கோட்டை எண்ணிப் பாருங்க."

டிரில்லர் வாங்கி எண்ணினான். பாதியில் சத்தம் குறைந்தது. "இருபதுதாண்ணே."

"இப்ப யாரு கண்ணுடா சுத்துது?" என்றார் இவர். இழுத்து விட்ட மூச்சில் சட்டைப் பொத்தான் ஏறி இறங்கியது.

திங்கள்கிழமை பரிசோதனை அறை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். முதல் தண்டைக் கொண்டுவந்து வைத்தவன் டிரில்லர்.

"சீக்கிரம் பாருண்ணே."

"பொறுடா." முதலில் கோடுகளை எண்ணினார். பிறகு தாடையை மூடி வெளிச்சத்தில் பிடித்தார். பூஜ்யத்துக்கு நேராகப் பூஜ்யம். அப்புறம்தான் தண்டைத் தொட்டார். முழங்கால் வாயே திறக்கவில்லை.