நாலாவதாக நின்றவள்

விஸ்வநத்தத்து முத்துப்பேச்சியைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். வாயாடி என்பார்கள். பணிவு இல்லாதவள் என்பார்கள். எங்கள் பட்டாசு, அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் விளையாட்டு விழாவில் முடிவுகளை எழுதும் மேசையில் உட்காருகிறவன் நான். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவள் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் குழாய்க்குத் தாள் ஒட்டும் வேலை பார்க்கிறாள். ஒருநாள் புதிதாக வந்த மேற்பார்வையாளர், இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று சொல்லி, பெண்களின் கொண்டை ஊசிகளைக் கழற்றி வைக்கச் சொன்னார். சரியான விதிதான். முத்துப்பேச்சிதான் முதலில் கழற்றினாள். கழற்றிவிட்டு, அவர் இடுப்பைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், ஒங்க பெல்ட்டு பக்கிள் மட்டும் பஞ்சுலயா செஞ்சிருக்கு?"

அன்று சாயங்காலம் வரை அவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் ஷெட்டைச் சுற்றி வந்தார். மறுநாள் சணல் கயிறு கட்டி வந்தார். ஆளுக்கு ஒரு விதி என்றால் அவளுக்கு ஆகாது.

உயரம் தாண்டுவதை அவள் யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைத் தாண்டித்தான் பழகினாள். "கல்யாணம் பேசுற வயசுல கயித்தத் தாண்டிக்கிட்டு அலையுறா" என்று அவள் அம்மா பஞ்சம்மாள் புலம்பாத நாள் இல்லை. தீபாவளி சீசன் முடிந்து வேலை தளர்ந்த நேரத்தில் சங்க விழா வரும். அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களை விருதுநகரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவோம். ஒரு போட்டிக்கு ஒரு சங்கத்திலிருந்து மூன்று பேர்தான் போகலாம். அந்த மூவரில் தானும் ஒருத்தி என்று முத்துப்பேச்சி ஷெட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். தேர்வாகாமல் திரும்பினால் ஷெட்டில் கேலி செய்யாமல் விடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

போட்டியன்று, அச்சகங்களில் வெட்டி எறியும் தாள் கழிவைச் சாக்குகளில் திணித்து மெத்தையாகப் போட்டிருந்தோம். யாராவது விழும்போதெல்லாம் சாக்கு வாயிலிருந்து காலண்டர் துணுக்குகள் பறந்தன.

ஒரு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர் தாண்டியவள் ஹஸ்னா, அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவள் முதல். ஐஸ்வர்யாவும் அழகுமீனாவும் ஒன்று முப்பது தாண்டினார்கள். இருவருமே அந்த உயரத்தை இரண்டாவது முயற்சியில்தான் தாண்டினார்கள். அதற்கு முந்தைய உயரங்களில் இருவருக்கும் ஒரு தவறும் இல்லை. அதற்கு மேல் பிரித்துப் பார்க்க வழியில்லை. முதல் இடத்துக்குச் சமநிலை வந்தால்தான் மறுபடி தாண்டவைப்போம்; மற்ற இடங்களில் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். முத்துப்பேச்சி ஒன்று இருபத்தைந்தோடு நின்றாள். நான் ஒன்று, இரண்டு, இரண்டு, நான்கு என்று எழுதினேன்.

சங்கச் செயலாளர் சீனிவாசகம் தாளைப் பார்த்தார்.

"மூணு எங்க வே? எண்ணத் தெரியாமப் போச்சா ஒமக்கு?"

"ரெண்டாவதுல ரெண்டு பேர் இருக்காக. அவுகளுக்கு அடுத்தது நாலுதான்."

"முன்னெல்லாம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டு பேப்பர்ல வருமே, பாத்ததில்லையா? முதலிடம் ரெண்டு பேரு, ரெண்டாமிடம் அஞ்சு பேருன்னு வரிசையாத்தான போடுவாக? நம்பரைத் தாண்டியா போட்டாக? முப்பத்தஞ்சு, முப்பது, இருவத்தஞ்சு. மூணு உயரம், மூணு எடம்."

அவர் சொன்னதிலும் தவறில்லை. அவர் உயரங்களை எண்ணினார். நான் ஆட்களை எண்ணினேன். ஒருத்திக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதோடு ஒன்று சேர்த்தால் அவள் இடம். அது என் கணக்கு. பரிசை வாரி வழங்குவதானால் அவர் கணக்கு யாரையும் கடிக்காது. ஆனால் போக வேண்டியவர்கள் மூன்றே பேர்.

அவர் அவசரத்துக்கு வேறு காரணம் இருந்தது. மூன்றாம் பரிசுக் கோப்பை மளிகைக் கடை அய்யாதுரை அண்ணாச்சியின் உபயம். உபயமாக வீட்டு வாசலைத் தாண்டிய பொருள் திரும்பி வீட்டுக்குள் போகக்கூடாது என்பது இங்கே எல்லோரும் பார்க்கிற சாஸ்திரம். மூன்றாவது ஆளே இல்லை என்றால் கோப்பை யாரிடம் போகும்? அண்ணாச்சி முன்வரிசையில் முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார்.

சீனிவாசகம் என் பேனாவை வாங்கி, நான்கை அடித்து மூன்று என்று எழுதினார். மாவட்டப் படிவத்தில் முதல், இரண்டு, மூன்று என்று மூன்றே கட்டங்கள். "ஹஸ்னா ஒண்ணு. முத்துப்பேச்சி மூணு. ரெண்டாவதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். ஐஸ்வர்யா, அழகுமீனா, ரெண்டு பேருல ஒருத்தி போகட்டும்" என்றார்.

ஐஸ்வர்யா ஆமத்தூரிலிருந்து வந்தவள். தரையைப் பார்த்தாள். அழகுமீனா, "நாங்க ஒசரமாத் தாண்டினதுக்குத் தண்டனையா சார்?" என்று கேட்டாள். சீட்டுக்குத் தாள் கிழித்துக்கொண்டிருந்தார் சீனிவாசகம்.

முத்துப்பேச்சி மேசைக்கு வந்தாள். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தாம்மா. நீ மூணாவது. போயி பேர் கூப்பிடும்போது வா" என்றார் சீனிவாசகம்.

"எனக்கு முன்னாடி எத்தன பேரு நிக்கிறாக?"

"அது எதுக்கு இப்ப?"

"எண்ணுங்க. ஹஸ்னா, ஐஸ்வர்யா, அழகுமீனா. மூணு பேரு. பெறகு நான் எப்படி மூணாவது? என்னைய விட ஒசரமாத் தாண்டுனவ வீட்டுல இருப்பா, நான் விருதுநகர் போவேனா?"

"ஏ புள்ள, ஒனக்குக் கெடைக்கிறத ஒதைக்காத. ஷெட்டுல அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்கியாமே."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. மாறாமல் இருந்தது என்று நான் எழுத மாட்டேன்.

"சொன்னேன். தாண்டிப் போறேன்னு சொன்னேன். சீட்டுக் குலுக்கிப் போறேன்னு சொல்லல. நாலுன்னு எழுதுங்க."

"எழுதாட்டி?"

"மைக்குல மூணாவது முத்துப்பேச்சின்னு கூப்பிடுங்க, நான் அங்கன வந்து இல்லன்னு சொல்லுதேன். அதையும் மைக்குலயே சொல்லுதேன்."

அய்யாதுரை எழுந்து வந்துவிட்டார். "அப்ப எங்க ஆத்தா பேருல குடுத்த கப்பு? திருப்பி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா?"

"எதுக்கு அண்ணாச்சி தூக்கணும்? ரெண்டாவது ரெண்டு பேருக்கு வாங்கி வச்சது ஒரு கப்புதான? ஒங்க கப்ப இன்னொருத்திக்குக் குடுங்க. ஒங்க ஆத்தா மூணாவதுலேருந்து ரெண்டாவதுக்கு ஏறிருச்சுன்னு வச்சுக்கிடுங்க."

பின்வரிசையில் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையைக் கையில் எடுத்து, 'மூன்றாம் பரிசு' என்று ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். கீழே இருந்த தாயார் பேரை விட்டுவிட்டார். பசை லேசில் வரவில்லை. முத்துப்பேச்சி பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரைத் தொட்டு, தாள் ஒட்டுகிறவளின் கைப்பழக்கத்தில் இழுத்தாள். கிழியாமல் ஒரே தாளாக உரிந்து வந்தது.

சீனிவாசகம் பேனாவை மேசையில் போட்டார். "நீரே எழுதும் வே. நாளைக்கு இவ அம்மா வந்து சண்டை போட்டா நீரே பதில் சொல்லும்."

மூன்றை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன். மாவட்டப் படிவத்தில் இரண்டாவது கட்டத்திலும் மூன்றாவது கட்டத்திலும் இரண்டாமிடத்துக்காரிகள் இருவர் பேரும் போயின. சீட்டு குலுக்கப்படவில்லை. அண்ணாச்சியின் கோப்பையை ஐஸ்வர்யா வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஷெட்டில் கேலி நடந்ததாகக் கேள்விப்பட்டேன். "என்ன, விருதுநகர் பஸ்ஸு ஒன்ன ஏத்தாமப் போயிருச்சா?" என்று ஒருத்தி கேட்டாளாம். "நான்தான் ஏறல. அடுத்த வருசம் நீ வந்து வழி அனுப்பு" என்றாளாம் இவள்.

நான் கண்ணால் பார்த்தது விழாவன்று கடைசியில் நடந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி கம்பை எடுத்து ஒன்று முப்பதில் வைத்தாள். ஓடி வந்தாள். குதிகால் தட்டிக் கம்பு விழுந்தது. சாக்கிலிருந்து எழுந்து, தலையில் ஒட்டிய காலண்டர்த் தாளைத் தட்டிவிட்டாள்.

"சாக்க எடுக்கணும், போதும் தாயி" என்றான் பந்தல்காரன்.

"எடுக்காதீக. கம்பத் திரும்ப வைங்க" என்றாள். "முப்பதுலயே."