சோப்பு விளம்பரத்தில் காணாமல் போன கால்

ஐம்பதுகளில் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழ்ப் பிரிவில் இருந்தேன். புதிதாகக் கல்யாணமாகி திருவள்ளூரில் குடித்தனம். தினமும் ரயிலில் போய்வருவேன்.

வெளிநாட்டு சோப்பு கம்பெனி ஒன்று எங்களிடம் விளம்பரம் கொடுத்திருந்தது. அதன் அதிகாரி கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த வங்காளி. நல்ல மனிதர், தமிழ் மட்டும் தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். நான் எழுதும் தமிழை அவருடைய குமாஸ்தா வார்த்தை வார்த்தையாக மறுபடி ஆங்கிலமாக்குவார். அதில் கம்பெனி தந்த ஆங்கில மூலத்தின் ஒரு சொல் குறைந்தாலும் சிவப்பு மை விழும்.

அந்த முறை வந்த ஆங்கில வாசகம் இதுதான்: துணியோடு மாரடிப்பானேன், சோப்பு உழைக்கட்டும், நீங்கள் 'புட் யுவர் ஃபீட் அப்'. ஹாயாக உட்காருங்கள் என்பதை ஆங்கிலத்தில் அப்படி, 'காலைத் தூக்கி வையுங்கள்' என்று சொல்வார்கள். நான் 'நீங்கள் ஓய்வாக இருங்கள்' என்று எழுதியனுப்பினேன். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில், "கால் எங்கே?"

தொலைபேசியில் விளக்கிப் பார்த்தேன். "எங்கள் வாசகத்தில் கால் இருக்கிறதே, உங்களுடையதில் ஏன் இல்லை?" என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் விரும்பியபடியே துண்டு நோட்டீஸ் அச்சாகியது: 'தாங்கள் தங்கள் பாதங்களை உயர்த்தி வைத்திருக்கையில், எங்கள் சோப்பு கடின உழைப்பைச் செய்யட்டும்.' பக்கத்தில் சாய்வு நாற்காலியில் முக்காலிமேல் கால் வைத்த ஒரு சீமாட்டி.

வீட்டில் அதைப் படித்த என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது? காலைத் தூக்கினு ஒக்காந்திருந்தா மாமியாரு சும்மா உடுவாங்களா? சோப்பு வாங்கினதுக்கு ஊட்ட உட்டே தொரத்துவாங்க."

"அப்ப நீ எப்படிச் சொல்லுவே?"

"நான் இன்னாத்தச் சொல்றது? பக்கத்து ஊட்டு அக்கா கேட்டா, கல்லுல போட்டு அடிக்காதக்கா, துணி கிழிஞ்சிடும், இதப் போட்டு கசக்கினாலே அழுக்கு போயிடுதும்பேன்."

அன்று இருவரும் வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பேச்சை ஒட்டி நான் ஒரு வரி எழுதுவேன். அவள் உரக்கப் படிப்பாள். நாக்கு தடுக்கிய சொல்லை அடிப்பேன். அதிகாரிக்குக் காட்டும் தைரியம்தான் வரவில்லை.

அந்த வாரம் கும்மிடிப்பூண்டி சந்தைக்குக் கம்பெனியின் பிரசார வண்டி போயிற்று. அதிகாரியும் வந்தார், நானும் போனேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் நோட்டீஸை ராகம் போட்டு வாசித்தார். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கருவாடு விற்க வந்திருந்த ஓர் அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நைனா, எனக்கும் ரெண்டு காலும் வீங்கிக்கினு கெடக்குது. இத வெளில தடவணுமா, உள்ளுக்குச் சாப்பிடணுமா?"

அதிகாரி என் தோளைத் தட்டி, "என்ன சொல்கிறாள்?" என்றார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு கணம் அவர் முகம் சுண்டியது. பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

"நீங்கள்தான் சொல்லுங்களேன்," என்று மைக்கை என்னிடம் தள்ளினார்.

அதை வாங்கி, வீட்டில் எழுதியதைச் சொன்னேன்: "கல்லில் அடிக்காதீங்க, கசக்கி அலசுங்க. அழுக்கு போகும், துணி நிற்கும்!"

"அப்ப துணிக்கா? அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்றாள் அந்த அம்மாள். நாலைந்து பெண்கள் சோப்பை வாங்கி முகர்ந்தார்கள். ஒருத்தி அங்கேயே தன் முந்தானை ஓரத்தை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்த அம்மாளும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அதிகாரி கவலையோடு கேட்டார். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியா தவறா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுக்குச் சொல் தேடாதீர்கள் சார். இதைப் படிக்கிறவளுக்கு என்ன புரியும், என்ன செய்யத் தோன்றும், ஏன் இந்தச் சொல்லைப் போட்டேன் என்று ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். நீங்கள் சொல்ல நினைத்தது அதுதானா என்று பாருங்கள். சோப்பு செய்யாததைச் செய்யும் என்று நான் எழுதியிருந்தால் பிடியுங்கள்."

"சரி. எங்கள் ஊரிலும் காலைத் தூக்கி வைத்தால் என் அம்மா திட்டுவாள்," என்றார்.

வாசகம் மாறியதும் படமும் மாற வேண்டியிருந்தது. எங்கள் ஓவியர் சீமாட்டியை எடுத்துவிட்டு, கொடியில் சேலை உலர்த்தும் பெண்ணை வரைந்தார். சிவப்பு மைக்குப் பதில் இம்முறை 'சரி' என்று வந்தது.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னேரியில் இறங்கினோம். ஸ்டேஷன் சுவரில் எங்கள் சோப்பு வாசகம் எழுதிய தகரப் பலகை. என் மனைவி நின்று, ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

"நீங்க எழுதினா மாரியே இல்லீங்க, பக்கத்து ஊட்டு அக்காகிட்ட பேசறா மாரி இருக்குது," என்றாள்.

அதைவிடப் பெரிய பாராட்டு அந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.