மூன்றாவது கட்டம்

1. தி.நகர் பதிப்பாளர் ஒரே எழுத்தாளரின் ஆறு நாவல்களுக்கு அட்டைப்படம் கேட்டார். முதல் நாவலுக்கு மூன்று பென்சில் ஸ்கெட்ச் கொடுத்தேன்.
2. முதலாவதைத் தேர்ந்தெடுத்து, என் நிபந்தனைக் கடிதத்தில் கையெழுத்திட்டார்: மூடிக் கிடக்கும் அரிசி ஆலை.
3. இரண்டு முறை திருத்தம் கேட்டார். செய்து கொடுத்தேன்.
4. அவர் வேண்டாமென்ற இரண்டாவது ஸ்கெட்சை, மழையில் சாய்ந்து கிடக்கும் சைக்கிளை, மயிலாப்பூரில் சிறுகதைத் தொகுப்பு போடும் அம்மாளுக்குக் கொடுத்தேன். அனுமதி அந்த ஒரு புத்தகம், முதல் பதிப்பு, அட்டைக்கு மட்டும்.
5. மறுநாள் தி.நகரிலிருந்து அழைப்பு வந்தது.

நான் அடையாறில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் திருத்தங்களைக் குறித்துக் கையெழுத்திடக் கட்டம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் என் ஸ்கெட்சுகளின் மூலையிலும் போடுவேன். இரண்டே கட்டங்கள்; இரண்டே திருத்தங்கள்.

நான் போனதும் பதிப்பாளர் ஆலை ஸ்கெட்சை விரித்து, ஸ்கேலை எடுத்து, அந்த இரண்டு கட்டங்களின் கீழே பால்பாயிண்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார். அதில் கையெழுத்தும் போட்டார்.

"இப்ப மூணாச்சா? அந்த சைக்கிளையே வரைஞ்சு குடும்மா. ஆசிரியருக்கு அதுதான் பிடிச்சிருக்காம்."

"அதை வேற புத்தகத்துக்குக் கொடுத்துட்டேன் சார்."

"எங்களுக்குன்னு வரைஞ்சதுல்ல?"

"தேர்வாகாதது எனக்கே சொந்தம்னு கடிதத்துல நாலாவது நிபந்தனை. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஏம்மா, நீ என்ன வீடா கட்டுற? ஒரு அட்டைக்கு இத்தனை நிபந்தனையா?" டெலிபோனை என் பக்கம் தள்ளினார். "திருப்பி வாங்கு. இல்லேன்னா மிச்ச அஞ்சும் வேற ஆளுக்கு."

அந்த ஐந்தை நம்பித்தான் வேலையை விடுவதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். எண்ணைச் சுழற்றும்போது என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் எடுத்ததும் நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அட்டையை அச்சுக்கு பாசிட்டிவ் ஃபிலிம் எடுக்கக் குடுத்தாச்சு," என்றார். "இருந்தாலும் நிறுத்திடலாம். நீங்க வேணும்னு சொன்னா விட்டுத் தரேன். சொல்லுங்கோ."

கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பதிப்பாளர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கெட்சின் மேல் பால்பாயிண்ட் மை இன்னும் பளபளத்தது.

"நிறுத்த வேண்டாம்மா. அச்சுக்குப் போகட்டும்."

போனை வைத்தேன். பதிப்பாளர் சத்தம் போடவில்லை. "ஆலையையே முடிச்சுக் குடுத்துட்டுப் போ," என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அலுவலகத்தில் சொன்னதை மறுநாளே திரும்பப் பெற்றுக்கொண்டேன். முதல் நாவல் அரிசி ஆலையோடு வந்தது. மற்ற ஐந்தையும் வேறொருவர் வரைந்தார். சைக்கிள் மயிலாப்பூர்த் தொகுப்பில் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு வந்தால் என்னிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். இன்றும் கட்டங்கள் இரண்டுதான் போடுகிறேன். இப்போது அவற்றின் கீழே இடம் விடாமல், தாளின் விளிம்போடு ஒட்டிப் போடுகிறேன்.