வலது பக்கம் சாய்ந்த கூஜாக்கள்

என் நாத்தனார் ஓவியத் தேர்வுக்குத் தயார் செய்த அந்த ஆறு மாதத்தில், அவள் நோட்டைத் தினமும் பார்த்துத் திருத்தியவள் நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது அந்தத் தேர்வில் தேறியிருந்தேன். அதனால் வீட்டில் எனக்கு அந்த உரிமை தானாக வந்து சேர்ந்தது.

அவள் கணவர் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தல்லாகுளத்தில் எங்களோடுதான் இருந்தாள். வாடிப்பட்டியிலிருந்து அவள் கொழுந்தனார் இரண்டு முறை வந்து, தன் மனைவிக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அண்ணியை அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டார். என் கணவர் தேர்வு முடியட்டும் என்று தவணை சொன்னார். பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். தேறினால் அந்த வேலை, தேறாவிட்டால் வாடிப்பட்டி. மூன்று பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தேர்வில் ஒரு பகுதி, முன்னால் வைத்த பாத்திரங்களைப் பார்த்து வரைவது. தினமும் மத்தியானம் அவள் சுவரோரம் ஒரு முக்காலியில் கூஜாவையும் நெல் அளக்கும் மரக்காலையும் வைத்து ஒரு பக்கம் வரைவாள். மூலையில் தேதி போடுவாள். சாயங்காலம் நான் சிவப்புப் பென்சிலோடு உட்காருவேன். கூஜாவின் கழுத்து நீளம் என்று எழுதுவேன். அவள் ரப்பரால் அழித்துச் சரி செய்வாள். மறுநாள் கழுத்து மறுபடி நீண்டிருக்கும். வாய் வட்டத்தின் ஓரங்கள் கூராக இருக்கின்றன, உருட்டிக் கொண்டு வா என்றேன். அதைப் பத்து நாளில் சரி செய்துவிட்டாள். சொன்னால் கேட்கிற கை. கழுத்து மட்டும் ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். கவனக்குறைவு என்று நினைத்தேன். ஒரு நாள் அப்படியே சொல்லியும்விட்டேன்.

என் கணவர் தாலுகா கச்சேரி வேலை முடிந்து வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

"இம்புட்டுப் பானை வரைஞ்சிருக்கியே தங்கச்சி, சந்தையில ஒரு கடையே போட்டுறலாம் போல."

"போடுவோம்ண்ணே. வளைஞ்சதெல்லாம் உனக்கு, நேரா இருக்கிறது விக்கிறதுக்கு."

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கடைசி நோட்டின் தையல் விட்டுப்போனது. மறுபடி தைப்பதற்காகத் தாள்களைப் பிரித்துக் கூடத்துத் தரையில் தேதி வரிசையில் பரப்பினேன். அப்போதுதான் பக்கங்களை ஒன்றாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும்போது தெரியாதது, நாற்பது பக்கம் சேர்ந்தபோது தெரிந்தது. எல்லாக் கூஜாவும் ஒரே அளவில் வலது பக்கம் சாய்ந்திருந்தன. எல்லாமே உள்ளதைவிட உயரம். கோடுகள் ஒரே ஓட்டமாக இல்லாமல் விட்டு விட்டுத் துண்டு துண்டாக இருந்தன. நான் ஒவ்வொரு நாளும் ஒரு கழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிழை கழுத்தில் இல்லை.

நடுவில் நான்கு பக்கங்கள் மட்டும் நேராக நின்றன. உயரமும் சரி, கோடும் சரி. தேதியைப் பார்த்தேன். அந்த நான்கு நாளும் நான் குழந்தையை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடியில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்கள்.

மறுநாள் மத்தியானம் சமையலறை வாசலில் நின்று, அவள் வரைவதைப் பார்த்தேன். அத்தனை நாளும் அவள் வரைவதை நான் பார்த்ததே இல்லை, வரைந்ததைத்தான் பார்த்தேன். என் ஒன்பது மாதக் குழந்தை அவள் இடது தொடையில் கிடந்தது. நோட்டு வலது பக்கம் தரையில் மட்டமாகக் கிடந்தது. உடம்பை முறுக்கி, ஓரப் பார்வையாகக் குனிந்து வரைந்தாள். தரையில் கிடக்கிற தாளைச் சாய்வாகப் பார்த்தால் தாளின் மேல்பாதி சுருங்கித் தெரியும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட அவள் கை தானாக நீட்டி வரைந்தது. வலது பக்கம் சாய்ந்த அவள் பார்வை போன திசையே அவளுக்கு நேர்க்கோடு. பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் அளவெடுக்கும்போது குழந்தை பென்சிலைப் பிடிக்கப் பாய்ந்தது. அவள் முழங்கையை மடக்கிக்கொண்டாள். முழங்கை மடங்கினால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். குழந்தை அசைகிறபோதெல்லாம் கோடு நின்றது.

சமையல் முடிந்து நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதத்தான் வேண்டும். அரைக்கிற வேலை சில நாள் இருந்தது. மற்ற நாட்களில் வாரப் பத்திரிகையோடு படுத்திருந்தேன். பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் அவள் மனம் கலங்கும், தேர்வு நெருக்கத்தில் வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மூன்றாம் நாள் பக்கங்களை மறுபடி பரப்பி அவளைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"உக்காந்து பாக்கயில எனக்கு நேராத்தானே தெரிஞ்சுச்சு மதினி."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார், நோட்டை ஒரு பலகையில் வைத்து, பலகையை இன்னொரு முக்காலியில் சாய்த்து வைத்துக்கொள் என்றேன். முதலிலேயே குழந்தையை என்னிடம் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்டுவிட்டேன். பழியை அவள் பக்கம் தள்ளுகிற கேள்வி என்று கேட்ட பிறகுதான் புரிந்தது.

"நீங்க படுத்திருந்தீங்க. தரையில விட்டா அழுவுறா. அவ அழுதா எனக்குக் கை ஓடாது மதினி. மடியில இருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி." ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "கவனமாத்தான் வரைஞ்சேன்."

மிச்சமிருந்த ஒன்பது நாளும் குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். அது அத்தையைத் தேடி அழுதது. பின்கட்டுக்குக் கொண்டுபோனாலும் குரல் கூடத்துக்குக் கேட்டது. அவள் கோட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்வாள், மறுபடி குனிவாள். சாயக்கூடாது என்று பயந்து பயந்து வரைந்ததில் கூஜாக்கள் இடது பக்கம் சாய ஆரம்பித்தன. கழுத்து குட்டையானது. ஆறு மாதம் படிந்த பழக்கம் ஒன்பது நாளில் போகவில்லை, கை எதை நம்புவது என்று தெரியாமல் தடுமாறியது. சொல்லாமலே விட்டிருந்தால் பழைய கையோடாவது தைரியமாகப் போயிருப்பாளோ, முதல் மாதமே பரப்பிப் பார்த்திருந்தால் தேறியிருப்பாளோ என்று இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் நினைக்கிறேன்.

முடிவு தபாலில் வந்தது. அவள் தேறவில்லை. பொருள் வரைவதில்தான் போயிருந்தது. அடுத்த வாரம் கொழுந்தனார் வந்தார். என் கணவர் அவள் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது அவள் குழந்தையின் கையைத் தன் கழுத்திலிருந்து விரல் விரலாக விடுவித்து, அதை என்னிடம் கொடுத்தாள். அங்கேயும் வரைவேன், மாதம் ஒரு தடவை தாள்களை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த வருடம் எழுதுகிறேன் என்றாள். நானும் சரி என்றேன்.

சொன்னபடியே அனுப்பினாள். இப்போது நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. உறையைப் பிரித்ததும் தாள்களைத் தேதி வரிசையில் தரையில் பரப்பிவிடுவேன். முதல் மாதத்துப் பித்தளைக் குடங்கள் நேராக நின்றன. கோடு ஒரே ஓட்டமாக வந்திருந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் மாதமும் நன்றாக இருந்தது. மூன்றாம் மாதம் எட்டுத் தாள்கள்தான் வந்தன. எட்டிலும் குடம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. கோடு விட்டு விட்டு ஓடியது.

கூட வந்த கடிதத்தில் எல்லோரும் சௌக்கியம், பாப்பா நடக்கிறாளா என்று மட்டும் எழுதியிருந்தாள். கொழுந்தனார் மனைவிக்கு அந்த மாதம்தான் பிரசவம் என்று எனக்குத் தெரியும்.

தாள்களைச் சுற்றி என் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். குழந்தையைக் கீழே விடு என்று எழுத எனக்கு என்ன வாய் இருக்கிறது? பலகையைச் சாய்த்து வைத்துக்கொள் என்று எழுதினேன். வட்டம் நன்றாக உருண்டு வந்திருக்கிறது என்றும் எழுதினேன், அது உண்மைதான். சாய்வைப் பற்றி எழுதவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்தன. தாள்கள் வரவில்லை.