பிரெஞ்சில் எழுதிய மறுமனு

காலை ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது சேரன்மகாதேவியிலிருந்து தந்தி வந்தது. சப் கலெக்டர் கச்சேரியில் ஒரு வழக்குக்காகப் போயிருந்த என் தம்பி தேவசிகாமணி வாந்திபேதியில் இறந்துவிட்டான். அம்மா என்னைத் தந்தியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

பி.எல். தேறிப் பாளையங்கோட்டையில் வக்கீலாக இருந்தாலும் அவன் மனம் வழக்குகளில் இல்லை. ஜெர்மன் யுத்தம் முடிந்து, நாடுகள் கூடி அமைக்கவிருந்த சர்வதேச சங்கத்தின் விதிகள் சென்னைப் பத்திரிகையில் வந்தன. நாடுகள் இனிச் செய்யும் ஒப்பந்தங்களையெல்லாம் சங்கத்தின் காரியாலயத்தில் பதிய வேண்டும், பதியாதது யாரையும் கட்டுப்படுத்தாது என்றது பதினெட்டாம் விதி. அதை அவன் அம்மாவுக்கு விளக்கினான்.

"கையெழுத்துப் போடுறது நிச்சயம் பண்ணுற மாதிரிம்மா. அப்புறம் அரசாங்கம் அதை உறுதிப்படுத்தணும், அதுதான் கலியாணம். பிறகு கோயில் பதிவேட்டுல ஏத்துறோம்லா, அந்த வேலைக்குத்தான் மனுப் போடுதேன்."

"ஊரான் கலியாணத்தைப் பதியிறது இருக்கட்டும். உன் கலியாணத்தை எப்பம்லே பதியப்போறே?"

அப்போது லண்டனிலிருந்த சங்கக் காரியாலயத்துக்கு எழுதினான். ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை பழகவே கேட்டான். கப்பல் செலவைக் கொழும்பு மாமா ஏற்பதாகச் சொல்லியிருந்தார். பதில் வந்தது. சங்கத்தை அமைக்கும் உடன்படிக்கை இன்னும் அமலுக்கு வரவில்லை, வந்த பிறகே பதிவு தொடங்கும், ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டுமே வேண்டும், பிரெஞ்சு தெரியுமானால் அதிலேயே மறுபடி எழுதுக என்றிருந்தது.

இந்த ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் கத்தோலிக்கச் சாமியார்கள்தான். மாலைதோறும் அவர்களில் ஒருவரிடம் போகத் தொடங்கினான். எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் பேச்சுக் கிளம்பியது. சபைக் குருவான எங்கள் ஐயரே வீட்டுக்கு வந்து, "தம்பி போப்பு மார்க்கத்துக்குப் போறதாக் கேள்வி" என்றார்.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "பாஷையை மட்டும் படிச்சுட்டு வாலே. செபமாலை கிபமாலை கொண்டாந்தே, ஆத்துல வீசிருவேன் பாத்துக்கோ!"

"சாமியார் என் உச்சரிப்பைக் கேட்டே தலையில அடிச்சுக்கிடுதாரு. என்னைச் சேத்துக்கிட மாட்டாரும்மா."

அடக்கத்தன்று அந்தச் சாமியார் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே தனியாக நின்றார். எங்கள் ஆராதனையில் அவர் கலந்துகொள்ளக் கூடாது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஜெபம் முடிஞ்சிட்டு சாமி. உங்க பிள்ளையைப் பாக்க வாங்க."

ஐயர் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமியார் உள்ளே வந்தார், ஒரு பிடி மண் போட்டார். புறப்படும்போது, தம்பி திருத்தக் கொடுத்திருந்த மறுமனுவை என்னிடம் தந்தார். பிழை அதிகமில்லை, லண்டனில் நிச்சயம் படித்திருப்பார்கள் என்றார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது; கடைசி வரியை அவரே காட்டி விளக்கினார். பிரெஞ்சுக்காரர் கையொப்பத்துக்கு மேலே எழுதும் நீண்ட மரியாதை வாக்கியத்தை அவன் பாதி வரைதான் எழுதியிருக்கிறான்.